நின்ற பிறகு ஒரு நிமிடம்: இதயத் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று சரியாக அளப்பது எப்படி

உடற்பயிற்சியை நிறுத்தியதும் அடுத்த ஒரு நிமிடத்தில் இதயத் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் விஷயம். நிறுத்தும்போது 160, ஒரு நிமிடம் கழித்து 130 என்றால் உங்கள் எண் 30. பார்த்தால் ஒரு கழித்தல் கணக்கு. இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் ஓட்டம் முடிந்ததும் கைக்கடிகாரம் எனக்கு 11 என்று காட்டியது. தேடிப் பார்த்தால், 12 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து என்று எழுதியிருந்தது. இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மருத்துவரிடம் போய் உட்கார்ந்தபோது அவர் ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுக்கவில்லை.

"ஓடி முடித்ததும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"கொஞ்ச தூரம் மெதுவாக நடந்தேன்."

"கடிகாரத்தில் பட்டனை எப்போது அழுத்தினீர்கள்?"

"நடந்து முடித்த பிறகு."

அவர் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து துடிப்பின் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஓட்டம் நின்ற நொடியில் துடிப்பு 163. நடந்து முடித்துப் பட்டனை அழுத்தும்போது 121. அதற்கு ஒரு நிமிடம் கழித்து 110. கடிகாரம் 121-இலிருந்து 110-ஐக் கழித்து 11 என்று சொல்லியிருக்கிறது. பெரிய இறக்கம் நடந்து முடிந்த பிறகுதான் நான் அளக்கவே ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு நாள் தூக்கம் போனது ஒரு பட்டனால்.

உங்களுக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## 1. முதலில், நீங்கள் இதைத் தனியாகச் செய்யலாமா?

நெஞ்சுவலி, உழைக்கும்போது மயக்கம், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, ஏற்கெனவே கண்டறியப்பட்ட இதய நோய் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டில் சோதிக்க வேண்டாம். மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். காய்ச்சல் இருக்கும் நாளிலும் வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் சோதனை செய்யலாம், ஆனால் எண்ணை மற்றவர்களோடு ஒப்பிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு மேலே ஏறுவதையே அந்த மாத்திரை தடுக்கும். ஏறாதது எப்படி இறங்கும்? பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கும் இந்த எண் அதே பொருளைத் தராது. "சோதனைக்காக இன்று மட்டும் மாத்திரையை விட்டுவிடுகிறேன்" என்ற யோசனை வேண்டவே வேண்டாம். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து.

## 2. ஏன் முதல் நிமிடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொண்டால் அடுத்து வரும் விதிகளெல்லாம் தானாகப் புரியும்.

இதயத்துக்கு ஒரு பிரேக்கும் ஒரு ஆக்ஸிலரேட்டரும் உண்டு. பிரேக் என்பது வேகஸ் நரம்பு. ஆக்ஸிலரேட்டர் என்பது சிம்பதெடிக் நரம்புகளும் ரத்தத்தில் ஓடும் அட்ரினலினும். உழைக்கத் தொடங்கும்போது முதலில் பிரேக்கிலிருந்து கால் எடுக்கப்படுகிறது, அப்புறம் ஆக்ஸிலரேட்டர் மிதிபடுகிறது. நிறுத்தியதும் பிரேக் சில நொடிகளிலேயே திரும்பி வந்துவிடும். ஆக்ஸிலரேட்டரின் தாக்கம் அடங்கப் பல நிமிடங்கள் ஆகும்.

ஆகவே முதல் ஒரு நிமிட இறக்கத்தில் பெரும் பங்கு வேகஸ் நரம்பினுடையது. தாங்குதிறன் பயிற்சி செய்தவர்களிடம் இது வேகமாகத் திரும்புகிறது, இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் மெதுவாகத் திரும்புகிறது. இரண்டாவது, மூன்றாவது நிமிடத்தில் நடப்பது வேறு கதை. அங்கே அட்ரினலின் கரைவதும் சேர்ந்துகொள்கிறது. சில கடிகாரங்கள் இரண்டு நிமிட இறக்கத்தைக் காட்டுகின்றன, சில ஒரு நிமிட இறக்கத்தை. நண்பர் "எனக்கு 55" என்று சொன்னால், எத்தனை நிமிடத்துக்கு என்று கேளுங்கள்.

## 3. கருவி: எது போதும், எது ஏமாற்றும்

செலவைப் பற்றி முதலில். ஒரு படிக்கட்டும் நொடி காட்டும் கடிகாரமும் இருந்தால் காசே செலவில்லை. கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால், விலை கூடிய கைக்கடிகாரத்தைவிட மார்பில் கட்டும் பட்டைதான் இந்த வேலைக்கு உகந்தது. பொதுவாக அது நல்ல கைக்கடிகாரத்தைவிட மலிவு. அடிப்படை மாடலே போதும். அதற்குப் பிறகு பேட்டரி மாற்றும் செலவு மட்டும்தான்.

மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேராகப் பிடிக்கிறது. அதனால் துடிப்பு விழும்போது கூடவே விழும். கட்டும் முன் பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பட்டை முதல் சில நிமிடங்கள் கண்டபடி எண் காட்டும்.

கைக்கடிகாரம் பச்சை ஒளியால் தோலுக்குக் கீழே ஓடும் ரத்தத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறது. நிதானமான ஓட்டத்தில் இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் நமக்கு வேண்டியது வேகமாக மாறும் ஒரே ஒரு நிமிடம். அங்கே அது இரண்டு விதமாக ஏமாற்றும். ஒன்று, சில நொடிகளின் சராசரியைக் காட்டுவதால் உண்மைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். உங்கள் இறக்கம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மற்றொன்று இன்னும் மோசம்: ஓடும்போது உங்கள் காலடிகளையே துடிப்பு என்று எண்ணிவிடும். உண்மைத் துடிப்பு 145 இருக்கும்போது, நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறீர்கள் என்றால் 170 என்று காட்டும். நீங்கள் நின்றதும் காலடி இல்லை, எண் தடாலென்று உண்மைக்கு விழும். உலகச் சாம்பியன் அளவுக்கு மீட்சி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடுவீர்கள்.

கண்டுபிடிப்பது எளிது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான இறக்கம் முதலில் சில நொடி தயங்கி, பிறகு சரிவாக வளைந்து இறங்கும். இரண்டு மூன்று நொடியில் செங்குத்துச் சுவர்போல விழுந்திருந்தால் அது இதயம் செய்த வேலை இல்லை.

விரலால் நாடி பார்ப்பதானால் மணிக்கட்டில் பாருங்கள். கழுத்தில் அழுத்தினால் அங்கிருக்கும் அழுத்த உணரி தூண்டப்பட்டுத் துடிப்பே குறையலாம். அளக்கப் போய் அளவையே மாற்றிவிடுவோம். நின்றவுடன் முதல் 10 நொடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். பிறகு 53-ஆவது நொடியிலிருந்து 68-ஆவது நொடி வரை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அப்போதுதான் ஒரு நிமிடக் குறி நடுவில் விழும். ஆனால் முதல் எண்ணிக்கையில் ஒரு துடிப்பு தவறினால் 6, இரண்டாவதில் ஒன்று தவறினால் 4 என்று பிழை வரும். அதனால் விரல் கணக்கில் 24-க்கும் 30-க்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள்.

## 4. ஒரே சுமை, ஒவ்வொரு முறையும்

ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் அவசர நடை என்று மாற்றி மாற்றி அளந்த எண்களை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். இரண்டு மாதக் குறிப்பு, ஒன்றுக்கும் உதவவில்லை.

காரணம் இது: எவ்வளவு உயரம் ஏறியதோ அதைப் பொறுத்துத்தான் இறங்க முடியும். ஓய்வுத் துடிப்பு 70 உள்ளவர் 105 வரை மட்டுமே ஏற்றினால், முழுதாக ஓய்வுக்கே திரும்பினாலும் 35-தான் இறங்கும். அவரே 165 வரை ஏற்றினால் கதை வேறு.

நான் கடைசியில் பிடித்துக்கொண்டது படி ஏறும் முறை. சுமார் 30 செ.மீ. உயரமுள்ள, ஆடாத ஒரு படி. மெட்ரோனோம் செயலியில் நிமிடத்துக்கு 96 தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு கால்: மேலே, மேலே, கீழே, கீழே. அதாவது நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்குவது. நான்கு நிமிடம். முட்டி வலி இருந்தால் நிலையான சைக்கிளோ, சாய்வு வைத்த டிரெட்மில் நடையோ எடுத்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் வேகம், எதிர்ப்பு, நிமிடம் மூன்றையும் எழுதி வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள்.

## 5. நிற்கும் விதம் (பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்)

நான்காவது நிமிடம் முடிந்ததும் வேகத்தைக் குறைக்காமல் சட்டென்று நிறுத்த வேண்டும். கடைசி அரை நிமிடம் சோர்ந்து மெதுவாக ஏறினால் இறக்கம் அப்போதே தொடங்கிவிடும். கடிகாரத்தில் பயிற்சி முடிந்ததாக அழுத்தாதீர்கள். பதிவு ஓடட்டும். நிறுத்திய நொடியில் லேப் பட்டனை மட்டும் தட்டி அடையாளம் வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்து முடித்துக்கொள்ளலாம். எண்ணைக் கடிகாரத்தின் வாயிலிருந்து கேட்காமல் வரைபடத்திலிருந்து நீங்களே எடுங்கள்.

அப்புறம் உடல் நிலை. படுத்தால் கால்களிலிருந்து ரத்தம் இதயத்துக்கு எளிதாகத் திரும்பும், துடிப்பு வேகமாக இறங்கும். மெதுவாக நடந்தால் தசைகள் இன்னும் வேலை செய்வதால் மெதுவாக இறங்கும். உட்கார்ந்தால் இரண்டுக்கும் இடையில். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே சுமைக்கு இந்த மூன்றும் மூன்று எண் தரும். எனக்குப் படுத்தபோது 36, நாற்காலியில் 28, நடந்தபோது 21.

நான் நாற்காலியைச் சொல்வேன். படிக்குப் பின்னால் முன்கூட்டியே போட்டு வையுங்கள். அசையாமல் நிற்பதை மட்டும் தவிருங்கள். கடும் உழைப்புக்குப் பிறகு அப்படியே நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும், சிலர் விழுந்தேவிடுவார்கள். உட்கார்ந்த பிறகு பேச வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டாம், மூச்சைப் பிடிக்க வேண்டாம். ஒரு நிமிடம்தானே.

## 6. அந்த 12 எங்கிருந்து வந்தது

1999-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 2,428 பேரை டிரெட்மில் சோதனைக்கு உட்படுத்தி, சுமார் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாக இறங்கியவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. வயது, மற்ற நோய்கள் எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

இணையத்தில் இந்த 12 மட்டும் உலவுகிறது, அதோடு வந்த நிபந்தனைகள் உலவுவதில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் முடியாத கட்டம் வரை உழைத்தவர்கள். நிறுத்திய பிறகு மணிக்கு சுமார் 2.4 கி.மீ. வேகத்தில், லேசான ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது அளக்கப்பட்டது. உடனே படுக்க வைத்து எக்கோ எடுக்கும் சோதனைகளில் எல்லைக்கோடாக 18-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். படுத்தால் வேகமாக இறங்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால்தான்.

நான்கு நிமிடம் படி ஏறி நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு 12-உம் 18-உம் நேராகப் பொருந்தாது. எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதி அடையவும் முடியாது, கீழே இருக்கிறோம் என்று பதறவும் தேவையில்லை. வீட்டுச் சோதனையில் உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். அவ்வளவுதான். ஆனால் துடிப்பு நன்றாக மேலே ஏறியும், சரியாக அளந்தும், மூன்று நாளும் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இறங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

## 7. அடிப்படை எண்ணை எடுக்க ஒரு வாரம்

ஒரு சோதனைக்குத் தயாரிப்போடு சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும். ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில், ஒரே நேரத்தில் செய்யுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். காபி குடித்தால் மூன்று நாளும் குடித்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் மூன்று நாளும் குடிக்காமல். வெப்பம், நீர் வற்றல், தூக்கக் குறைவு எல்லாமே எண்ணைக் கீழே இழுக்கும்.

என் முதல் வாரம் 24, 31, 28. ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் ஏழு துடிப்பு வித்தியாசம். நடுவில் உள்ள 28-ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டேன். 24 வந்தது நான்கு மணி நேரமே தூங்கிய நாளில். ஆகவே ஒரு தனி நாளின் எண் நான்கைந்து மாறியதைப் பெரிதாக எடுக்காதீர்கள். நான்கு வாரத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் அளந்தால் போதும்.

## 8. பத்து வாரம் கழித்து: எண் மாறவில்லையே?

இதில்தான் நான் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விட்டுவிடப் பார்த்தேன். வாரம் நான்கு நாள் வேக நடையும், ஒரு நாள் இடைவெளிப் பயிற்சியுமாகப் பத்து வாரம் ஓடியது. அதே படி, அதே 96 தட்டு, அதே நாற்காலி.

முதல் வாரம்: நிறுத்தும்போது 146, ஒரு நிமிடத்தில் 118. இறக்கம் 28.

பத்தாவது வாரம்: நிறுத்தும்போது 131, ஒரு நிமிடத்தில் 101. இறக்கம் 30.

பத்து வார உழைப்புக்கு இரண்டே துடிப்பு! அதுவும் பிழை வரம்புக்குள். ஆனால் இன்னொரு முறை பாருங்கள். அதே வேலைக்கு இதயம் இப்போது 131-க்கு மேல் ஏறவே இல்லை. உச்சி 15 குறைந்துவிட்டது. உச்சி தாழ்ந்தால் இறங்க இடமும் குறையும் என்று நான்காம் பகுதியில் பார்த்தோம். உடல் தேறியதே இறக்கத்தை மறைத்துவிட்டது.

இதை வெளியே கொண்டுவர ஒரு வழி உண்டு. சுமையை உயர்த்திப் பழைய உச்சிக்குக் கொண்டு போய் அங்கிருந்து அளப்பது. மெட்ரோனோமை 120 தட்டுக்கு ஏற்றி, அதாவது நிமிடத்துக்கு 30 முறை, நான்கு நிமிடம் ஏறினேன். உச்சி 145, ஒரு நிமிடத்தில் 106. இறக்கம் 39. முதல் வாரம் ஏறக்குறைய அதே உச்சியிலிருந்து 28 இறங்கியது, இப்போது 39. இதுதான் ஒப்பிடத் தக்க ஜோடி.

எனவே குறிப்பேட்டில் இறக்கத்தை மட்டும் எழுதினால் பாதி விஷயம் போய்விடும். தேதி, தட்டு வேகம், நிறுத்தும்போது இருந்த துடிப்பு, ஒரு நிமிடத் துடிப்பு, இறக்கம், முந்தைய இரவுத் தூக்கம் என்று ஆறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

தலைகீழான பொறி ஒன்றும் உண்டு. கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு, உடல் களைத்துப்போன வாரத்தில் இறக்கம் திடீரென்று கூடித் தெரியலாம். எண் ஏறியிருக்கும், ஆனால் கால் கனக்கும், வழக்கமான வேகம் வராது, உச்சித் துடிப்பும் ஏற மறுக்கும். அது முன்னேற்றம் இல்லை, ஓய்வு கேட்கிறது. எண் மட்டும் ஏறி, செய்யும் வேலை ஏறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

## 9. மருத்துவரிடம் போவதானால் என்ன எடுத்துப் போவது

மேலே சொன்ன ஆறு கட்டக் குறிப்பு, சந்தேகம் தந்த நாளின் முழு வரைபடம், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பெயரும் அளவும். கடிகாரம் காட்டிய ஒற்றை எண்ணை மட்டும் காட்டினால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது.

தேவை என்றால் டிரெட்மில் சோதனைக்கு அனுப்புவார். அது வீட்டுச் சோதனையைவிடச் செலவு, அரை நாள் வேலை கெடும். முடிந்ததும் "நார்மல்" என்ற ஒற்றைத் தாளோடு வந்துவிடாதீர்கள். கட்டம் கட்டமாகத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அச்சான அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதில் உச்சித் துடிப்பையும், மீட்சிப் பகுதியில் 1:00 என்ற வரியையும் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். என் தாளில் 171, 146 என்று இருந்தது. நடந்துகொண்டே 25. சோதனை முடிந்ததும் நடக்க வைத்தார்களா, படுக்க வைத்தார்களா என்பதை அந்தத் தாளின் ஓரத்திலேயே அன்றே எழுதிவிடுங்கள். எனக்குத் தந்த அறிக்கையில் அந்த ஒரு விவரம் மட்டும் இல்லை, திரும்பப் போய்க் கேட்டபோது யாருக்கும் நினைவில்லை. நடக்க வைத்தது எனக்கு ஞாபகம் இருந்ததால் தப்பித்தேன்.